ஞாயிற்றுக்கிழமை வலை போட ஏலாது

ஏறாவூர் இன்ஷிராவுக்கு அந்த வைத்தியசாலையில் யாரும் ஸலாமும் சொல்வதில்லை, வணக்கமும் சொல்வதில்லை. "இன்ரநெற் இல்ல" என்றுதான் சொல்வார்கள். காலையில் படியேறும்போது ஒருவர், மதியம் சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது ஒருவர், தொழுது முடித்து முசல்லாவை மடிக்கும்போது ஒருவர். இன்ரநெற் இருக்கும் நாட்களில் அவளை ஒருவருக்கும் கண் தெரியாது.

வாவிக்கரையோரம் நாலு மாடிக்கு எழும்பி நிற்கும் அந்தத் தனியார் வைத்தியசாலையின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு என்பது மொத்தத்தில் இன்ஷிராதான். அவளும் ஒரு குளிரூட்டி அறையும். மகள் ரீச்சராக வேண்டும் என்று வாப்பா ஆசைப்பட்டார். மகளோ கொழும்பில் இரண்டு வருடம் அபாயாவோடு ஏணியில் ஏறி, கூரைத் தட்டுக்குள் தலையைவிட்டுக் கேபிள் இழுத்துப் பழகிக்கொண்டு திரும்பி வந்தாள். "மாப்பிள வீட்டாக்கள் கேட்டா என்னண்டு சொல்ற?" என்று உம்மா அழுதபோது, "கொம்பியூட்டர் வேலையெண்டு சொல்லுங்க, ஏணியப்பத்திக் கதைக்காதீங்க" என்றாள். ஏணியைப் பற்றிக் கேள்விப்பட்டும் கட்டியவன் அக்ரம். ஏறாவூரில் கைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறான்.

குளிரூட்டி அறைக்குள் இருந்த பிரதான சுவிட்ச், வைத்தியசாலை திறந்த அன்று வாங்கியது. கட்டிடம் முழுவதின் கணினிக் கம்பிகளும் கடைசியில் அதில்தான் வந்து சேரும். கொஞ்ச நாளாக அது கிழவன் குறட்டை விடுவதுபோலச் சத்தம் போட்டது. வெயில் ஏறினால் தானே அணைந்து தானே எரிந்தது. ஆறு மாதம் கெஞ்சிய பிறகு புதியது வந்தது. மாற்றுவதற்குக் கொழும்பிலிருந்து இரண்டு பொறியியலாளர்கள் வருவார்கள். எப்போது மாற்றுவது என்பதில்தான் சண்டை.

வார இறுதி என்றாலே மற்ற அலுவலகங்களுக்கு ஓய்வு. இங்கே அப்படியில்லை. வெளியூர் விசேட வைத்தியர்கள் வந்து நோயாளிகளைப் பார்ப்பது சனிக்கிழமை முழுநாளும் ஞாயிறு முற்பகலும்தான். கடைசியில் ஞாயிறு பகல் ஒரு மணியிலிருந்து பின்னேரம் ஆறு மணி வரை என்று முடிவாயிற்று. இன்ஷிரா உடனே உட்கார்ந்து, எல்லா ஊழியர்களுக்கும் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். புதிய சுவிட்சின் மாதிரி இலக்கம், அதன் வேகம், கம்பிகளைப் பிரிக்கும் புது முறை என்று ஒன்றும் விடவில்லை. கடைசி வரியில் நேரத்தையும் போட்டாள்.

திறந்து பார்த்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி அவள். இன்னொருவர், ஏற்கெனவே வேலையை விட்டுப்போய்க் கட்டாரில் இருப்பவர்.

விஷயம் நிர்வாக முகாமையாளர் வினாயகமூர்த்தியின் காதுக்குப் போயிற்று. மாவட்டக் கச்சேரியில் அரச உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். சுற்றறிக்கை எழுதுவதென்றால் அவருக்கு வட்டிலப்பம் சாப்பிடுவது மாதிரி.

"இன்ஷிரா, ஆக்களுக்கு விளங்கிற தமிழில எழுதோணும். நான் எழுதித் தாறன்" என்றார்.

எழுதித் தந்தார். 'தவிர்க்கவியலாத தொழில்நுட்பக் காரணங்களின் நிமித்தம் எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை வலையமைப்புச் செயற்பாடுகள் யாவும் முற்றாக இடைநிறுத்தப்படும் என்பதை இத்தால் சகலருக்கும் அறியத்தருவதோடு, இதனால் ஏற்படும் அசௌகரியங்களுக்கு மனம் வருந்துகின்றோம்.' எத்தனை மணிக்கு என்பதும் இல்லை, எது நிற்கும் என்பதும் இல்லை. கையொப்பம் மட்டும் அரைப் பக்கம். மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒன்று, கன்ரீன் வாசலில் ஒன்று என்று ஒட்டினார்கள்.

கன்ரீன் சீதேவிப்பிள்ளையின் புருஷன் வாவியில் மீன் பிடிக்கிறவர். அவள் இட்டலித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அறிவித்தலை எழுத்துக்கூட்டி இரண்டு தரம் வாசித்தாள். பிறகு கைபேசியில் வீட்டுக்குக் கோல் எடுத்தாள்.

"இஞ்ச பாருங்க, ஞாயிற்றுக்கிழம வலை போட ஏலாதாம். முற்றா இடைநிறுத்தமாம். ஓம், பெரியவர் கையெழுத்து வெச்சிருக்கார்."

பின்னேரத்துக்குள் கதை வாவியைச் சுற்றிவிட்டது. கன்ரீனுக்கு மீன் கொடுக்கிறவர் வந்து, ஆசுபத்திரிக்கு ஆர் இந்த அதிகாரம் தந்தது என்று வாசலில் நின்று கத்தினார். மறுநாள் காலை கதை இன்னும் முற்றியிருந்தது. வலை இல்லை என்பது போய், 'செயற்பாடுகள் யாவும் இடைநிறுத்தம்' என்பது மட்டும் ஊருக்குள் நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஆசுபத்திரி பூட்டாம் என்று ஆட்கள் தொலைபேசியில் தாங்கள் பதிந்த நம்பரை வெட்டத் தொடங்கினார்கள். எலும்பு வைத்தியருக்குப் பதிந்திருந்த பதினொரு பேர் ஒரே மூச்சில் வெட்டினார்கள். எலும்பு வைத்தியர் கண்டியிலிருந்து கோல் எடுத்து, வினாயகமூர்த்தியிடம் ஆங்கிலத்தில் இரண்டு வசனம் சொன்னார். அந்த இரண்டையும் முகாமையாளர் ஒருவரிடமும் திருப்பிச் சொல்லவில்லை.

"உங்கட வேலையாலதான் இவ்வளவும்" என்று இன்ஷிராவிடம் சொன்னார்.

"வலையமைப்பெண்டு எழுதினது நானில்ல சேர்."

"அது சரியான தமிழ்!"

"சரியான தமிழ்தான். அதான் மீன்காரர் வந்து நிக்கிறார்."

அவர் கோபத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சரி, நீங்களே பாருங்க" என்று கைகழுவிவிட்டார். இன்ஷிராவுக்கு வேண்டியதும் அதுதான்.

அறைக்குத் திரும்பி எழுத உட்கார்ந்தவளுக்கு ஒரு வரியும் ஓடவில்லை. சுவிட்சைப் பற்றி அவளுக்கு எல்லாம் தெரியும். சுவிட்ச் நின்றால் மேல்மாடித் தாதிக்கு என்ன நிற்கும் என்று தெரியாது. நாலு வருடமாகப் போய்த் திருத்திவிட்டு வருகிறாளே தவிர, அவர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்று ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. இது மனதில் பட்டபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. எழும்பி நடக்கத் தொடங்கினாள்.

முதலில் மேட்ரன் புஸ்பம். முப்பது வருடத் தாதிச் சேவை, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல்.

"ஒரே ஒரு கேள்விதான் புள்ள, நேராச் சொல்லு. வரவுக்கு விரல் வைக்கிற மெசின் வேலை செய்யுமா, செய்யாதா?"

"செய்யும் மேட்ரன். அது தனக்குள்ளயே பதிஞ்சி வெச்சிக்கும், நெட்வேர்க் வந்த பிறகு அனுப்பும்."

மேசையைச் சுற்றி நின்ற ஆறு தாதியரின் முகமும் ஒரே நேரத்தில் வாடிற்று. ஞாயிறு பின்னேரத்துக்கு அவர்கள் என்னென்ன திட்டம் போட்டிருந்தார்களோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். புஸ்பம் விழுந்து விழுந்து சிரித்தார்.

புறப்படும்போதுதான் இன்ஷிராவின் கண் அந்தப் பெரிய திரையில் பட்டது. தீவிர கவனிப்பு அறையில் படுத்திருக்கும் ஐந்து பேரின் இதயத்துடிப்பும் வெளியே தாதியர் மேசைத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. தாதியர் வெளியே இருந்தபடியே ஐந்து பேரையும் பார்த்துக்கொள்வார்கள்.

"மேட்ரன், இது நிண்டிடும்."

"என்னது நிண்டிடும்?"

"இந்தத் திரை. கட்டிலுக்குப் பக்கத்தில இரிக்கிற மெசின் வேலை செய்யும், சத்தமும் போடும். ஆனா இஞ்ச ஒண்டும் தெரியாது."

புஸ்பம் சிரிப்பை நிறுத்தினார். "அப்ப ஆக்கள் உள்ளுக்கு இருக்கோணும். ஞாயிறுக்கு இன்னும் ரெண்டு பேரப் போடுறன். இத ஏன்கா முதலே சொல்லல்ல?"

"இப்பதான் மேட்ரன் எனக்கே தெரியும்."

ஆய்வுகூடத்தில் சுலோஜனா இருந்தாள். இரத்தம் சோதிக்கும் இயந்திரங்கள் தங்கள் பாட்டில் ஓடும், முடிவைத் தாமே துண்டில் அச்சடிக்கும். ஆனால் அது வார்ட்டுக் கணினிக்குப் போகாது. ஆகவே துண்டைக் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். அவசர முடிவென்றால் தொலைபேசியில் சொல்லி, கேட்டவரைத் திருப்பி வாசிக்கச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே படத்தை எடுத்த இடத்துக்கே வந்து வைத்தியர் பார்க்க வேண்டும். பதிவு மேசையில், 'த' என்று தொடங்கும் தற்காலிக இலக்கங்களை முன்கூட்டியே அச்சடித்து வைப்பதென்று முடிவாயிற்று. இல்லாவிட்டால் இரண்டு நோயாளிக்கு ஒரே இலக்கம் விழும். மருந்தகத்து அஸாம் நானா எல்லா மருந்தின் விலையையும் ஞாயிறு மதியத்துக்கு முன்னே அச்சிட்டு வைக்க வேண்டும்.

"அதெல்லாம் எனக்கு மனப்பாடம்" என்றார் அஸாம் நானா.

"பனடோலுக்குத் தெரியும் நானா. மத்த ரெண்டாயிரத்துக்கும்?"

அஸாம் நானா மேலே மின்விசிறியைப் பார்த்தார். அச்சிடுவதாக ஒத்துக்கொண்டார்.

இவ்வளவும் சேர்ந்த பிறகும் அவள் எழுதவில்லை. இந்த ஊர் வாசிக்கிற ஊரில்லை, கேட்கிற ஊர் என்பது சீதேவிப்பிள்ளையின் தயவில் விளங்கியிருந்தது. ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்குக் குரலிலேயே சொல்வதென்று கைபேசியை வாய்க்கு நேரே பிடித்தாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் ஐ.டி. இன்ஷிரா. ஆசுபத்திரி பூட்டல்ல. வாவியிலயும் வலை போடலாம், விருப்பமான அளவு போடுங்க. வாற ஞாயிறு பகல் ஒரு மணியில இருந்து பின்னேரம் ஆறு மணி மட்டும் ஆசுபத்திரிக்குள்ள இரிக்கிற கொம்பியூட்டர் எல்லாம் ஒண்டோட ஒண்டு கதைக்காது. வைஃபையும் இல்ல, கிரிக்கெற் பாக்கிற வைத்தியர்மார் சொந்தக் காசில பாருங்க. விரல் மெசின் வேலை செய்யும், கனவு காணாதீங்க. கார்ட் மெசினுக்குத் தனி சிம் இரிக்கி, அதுவும் வேலை செய்யும். இனி ஒவ்வொரு இடமாச் சொல்றன், ஒங்கட இடம் வரும்போது மட்டும் காதக் குடுங்க..."

ஒவ்வொரு இடமாகச் சொன்னாள். எது நிற்கும், அதற்குப் பதிலாக என்ன செய்வது, திரும்பி வந்ததும் காகிதத்தில் எழுதியதை யார் கணினியில் ஏற்றுவது. கடைசியில், "ஏதும் அவசரமெண்டா மேசைப் ஃபோன்ல எனக்கு ஒண்டு ஒண்டு நாலு அடிங்க" என்று சொல்லி முடிக்கப்போனவள், வாயைத் திறந்தபடியே நின்றாள்.

மேசைத் தொலைபேசி அவளுக்கு எதிரே இருந்தது. அதன் வயர் நேரே சுவரிலிருந்த கணினி வயர்ப் பொந்துக்குள் போயிற்று.

நாலு வருடத்துக்கு முன் அந்தத் தொலைபேசிகளை இணைத்தவளே அவள்தான். அவையும் அதே சுவிட்சில்தான் ஓடுகின்றன. அவற்றுக்கு மின்சாரம்கூட அந்தக் கம்பிகளால்தான் வருகிறது. ஞாயிறு ஒரு மணிக்கு கட்டிடத்திலிருக்கும் எல்லா மேசைத் தொலைபேசியும் கட்டையாகிவிடும். அவளோ முதல் அறிவித்தலிலேயே 'சிக்கலென்றால் தொலைபேசியில் அழையுங்கள்' என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதி அனுப்பியிருந்தாள். ஆய்வுகூடத்துக்கும் அதையேதான் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். யாருமே வாசிக்காமல் போனது அல்லாஹ்வின் எவ்வளவு பெரிய ரஹ்மத்! தனியே இருந்து வயிறு குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடிந்ததும் பதிந்த குரலை அழித்தாள்.

அன்று வீட்டுக்குப் போய் அக்ரமிடம் சொன்னாள்.

"கடையில பழைய பட்டன் ஃபோன் எத்தின இரிக்கி?"

"பத்து இரிக்கும். ஏன்?"

"எனக்கு வேணும். ஞாயிறுக்கு மட்டும்."

"வேல குடுத்தவன் ஆசுபத்திரி, ஃபோன் குடுக்கிறவன் நானா?" என்று முனகிக்கொண்டே பத்தையும் சார்ஜில் போட்டான். பத்துக்கும் சிம் போட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்டர் ஒட்டி, இது ஆய்வுகூடம், இது மருந்தகம், இது தீவிர கவனிப்பு என்று இன்ஷிரா எழுதினாள். இலக்கங்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, பழைய மேசைத் தொலைபேசிகளின் மேலேயே ஒட்டினாள். தொலைபேசியை எடுக்கப்போகிற கைக்கு முதலில் அதுதான் படும். எக்ஸ்ரே அறையில் கைபேசிக்குச் சிக்னல் எட்டவில்லை என்று நடந்து பார்த்துக் கண்டுபிடித்து, அங்கே ஆள் மூலம் சொல்லியனுப்புவதென்று வைத்தாள். கூரையிலிருக்கும் ஒலிபெருக்கிக்குத் தனி வயர், அது வேலை செய்யும். இதையெல்லாம் திருத்திச் சொல்லிக் குரல் அறிவித்தலை மறுபடி பதிந்து அனுப்பினாள். பின்னேரத்துக்குள் முழு வைத்தியசாலையும் கேட்டிருந்தது. கட்டாரில் இருப்பவரும் கேட்டுவிட்டு, சிரிக்கும் முகம் ஒன்று அனுப்பியிருந்தார்.

ஞாயிறு ஒரு மணிக்குப் பழைய சுவிட்சை அணைத்தார்கள். அதன் குறட்டை நின்றதும் அறை முழுவதும் அமைதியானது.

முதல் மூன்று மணித்தியாலமும் எல்லாம் ஒழுங்காகப் போனது என்று சொல்லலாம், கைபேசிகளின் சத்தத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால். அக்ரம் கடைக்கு வந்த ஃபோன்கள் ஒவ்வொன்றும் முந்திய சொந்தக்காரரின் ரசனையோடு வந்திருந்தன. மருந்தக ஃபோன் குழந்தைபோல அழுதது. தீவிர கவனிப்பு ஃபோன் சேவல்போலக் கூவிற்று. வவுணதீவுப் பக்கமிருந்து நெஞ்சுநோவென்று ஒரு விவசாயியை அங்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். சுலோஜனா இரத்த முடிவைச் சொல்ல எடுத்தபோது அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் சேவல் கூவிற்று. தாதி முடிவை எழுதித் திருப்பி வாசித்தாள். வைத்தியர் உடனே மருந்தை ஏற்றினார். பின்னேரம் கண் விழித்த விவசாயி, "விடிஞ்சிட்டா புள்ள?" என்று கேட்டாராம்.

ஐந்தரைக்குக் கொழும்புப் பொறியியலாளர்களின் முகம் மாறிற்று. ஆய்வுகூடமும் எக்ஸ்ரேயும் இருக்கிற பக்கத்துப் புதுக் கட்டிடத்துக்குப் போகும் கண்ணாடி இழைக் கம்பி உயிர்க்கவில்லை. கம்பியைச் சுவிட்சில் செருக அவர்கள் கொண்டுவந்த சின்னத் துண்டு, கிட்டத் தூரத்துக்கானது. இந்தக் கம்பியோ வேறு ரகம். பழைய சுவிட்சிலிருந்த துண்டைக் கழற்றிச் செருகினால், வேறு கம்பனியின் சாமானென்று புதுச் சுவிட்ச் அதைத் துப்பிவிட்டது.

"பத்து நிமிஷம்" என்றான் ஒருவன். பத்து நிமிடம் கழிந்து, "இன்னும் பத்து நிமிஷம்" என்றான்.

இன்ஷிரா எழும்பி ஒலிபெருக்கி அறைக்குப் போனாள். வழியில் வினாயகமூர்த்தி மறித்தார்.

"எங்க போறீங்க?"

"ஆறு மணிக்கு வராதெண்டு சொல்லப் போறன்."

"விசரா உங்களுக்கு? நோயாளிகள் என்ன நினைப்பாங்க? பத்து நிமிஷத்தில வந்திடுமெண்டு அவங்கள் சொல்றாங்களே!"

"அந்தப் பத்து நிமிஷம் ரெண்டு தரம் முடிஞ்சிட்டு சேர். ஆறு மணியெண்டு சொன்னவ நான். ஏழு மணிக்கு ஆள் மாறுது. புதுசா வாறவங்க எல்லாம் வழமைக்கு வந்திட்டெண்டு நினைச்சிக் காகிதத்த எறிஞ்சிட்டு, ஆய்வுகூட முடிவு திரையில வருமெண்டு பாத்துக்கொண்டு இரிப்பாங்க. அதுக்கு ஆரு பொறுப்பு, நீங்களா?"

முகாமையாளர் ஒதுங்கி வழி விட்டார்.

ஒலிவாங்கியை வாய்க்கு நேரே இழுத்தாள். "ஐ.டி. இன்ஷிரா கதைக்கிறன். வாட்ஸ்அப்பில சொன்னா வைஃபை இல்லாம உங்களுக்கு வராது, அதான் இதில சொல்றன். ஆறு மணிக்கு நெட்வேர்க் வராது. எட்டு மணி மட்டும் பொறுங்க. எட்டுக்கும் சரிவராட்டி பழைய சாமானையே திரும்பப் போட்டுத் தருவம். அதுவரைக்கும் இப்ப செய்யிற மாதிரியே செய்யுங்க, காகிதத்த எறியாதீங்க. வந்ததும் இதிலயே சொல்லுவன். நான் சொல்லாம ஆர் சொன்னாலும் நம்பாதீங்க."

மூன்றாம் மாடியில் யாரோ ஒரு நோயாளி கைதட்டினார். எதற்கென்று இன்றுவரை தெரியாது.

அறைக்குத் திரும்பி வந்தவள் தன் மேசை இழுப்பறையைத் தலைகீழாகக் கொட்டினாள். கண்ணாடிக் கம்பியைச் சாதாரண வயராக மாற்றித்தரும் சின்னப் பெட்டி ஒன்று, புதுக் கட்டிடம் கட்டிய காலத்தில் மிச்சமானது, பிஸ்கட் பைக்குள் கிடந்தது. அதன் இணையை மறுமுனையிலிருந்த ஆய்வுகூட அலுமாரிக்குள் தேடி எடுத்தார்கள். இரண்டையும் செருகி மின்சாரம் கொடுத்ததும் பச்சை விளக்கு எரிந்தது. சரியான துண்டு கொழும்பிலிருந்து வரும்வரை இது தாங்கும். சோதித்துப் பார்க்கையில் ஏழரை தாண்டிவிட்டது. சேவல் ஃபோனுக்கு எடுத்து, பெரிய திரையில் எல்லாரும் ஓடுகிறார்களா என்று புஸ்பத்திடம் கேட்டு உறுதிப்படுத்திய பிறகே ஒலிபெருக்கியில் சொன்னாள்.

பொறியியலாளர்கள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். கையால் எழுதியவற்றைக் கணினியில் ஏற்றி முடிக்க மறுநாள் பகலாயிற்று. தன் விலைப்பட்டியல் அகர வரிசையில் இல்லாமல் விலை வரிசையில் இருந்ததையும், ஞாயிறு முழுக்க ஒவ்வொரு மருந்துக்கும் எழுபது பக்கம் புரட்டியதையும் அஸாம் நானா அப்போதுதான் ஒத்துக்கொண்டார்.

அந்த வாரக் கூட்டத்தில் வினாயகமூர்த்தி, "எமது முன்னறிவித்தல் முறை வெற்றியளித்துள்ளது" என்று குறிப்பில் எழுதச் சொன்னார். எவருடையது என்று அவரும் சொல்லவில்லை, இன்ஷிராவும் கேட்கவில்லை. புஸ்பம் மட்டும் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தார்.

கூட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகு வினாயகமூர்த்தி இன்ஷிராவின் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"இன்ஷிரா, அடுத்த வெள்ளி மேல்மாடித் தண்ணித் தொட்டி கழுவப் போறம். அரை நாள் தண்ணி வராது. அறிவித்தல் ஒண்டு..."

"அது ஐ.டி. வேலை இல்லயே சேர்."

"தெரியும்." அவர் தொண்டையைச் செருமினார். "நான் எழுதினா குளத்தப் பூட்டிப்போட்டாங்கள் எண்டு ஆக்கள் வந்து நிப்பாங்கள்."

இன்ஷிரா சிரிக்காமல் இருக்கப் பெரும் பாடுபட்டாள்.

"எந்தெந்த பைப்புக்குத் தண்ணி வராது சேர்?"

"எல்லாத்துக்கும்தான்."

"கன்ரீனுக்கு? சத்திரசிகிச்சை அறைக்கு? தொழுகைக்கு வுழூச் செய்யிற இடத்துக்கு?"

வினாயகமூர்த்தி யோசித்தார். அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க சேர், போய்ப் பாப்பம்" என்று மாடிப்படியை நோக்கி நடந்தாள்.